‘மற்றவை பழையபடி’ என்றால் எந்தப் பழையபடி?

திருப்பூரில் ஒரு பனியன் ஏற்றுமதி நிறுவனத்தில் கொள்முதல் பிரிவைப் பார்த்துக்கொண்டிருந்த காலத்தில், துணி எடைபோட வைத்திருந்த தராசு ஒன்று என் மேஜைக்குப் பக்கத்திலேயே இருக்கும். ஒரு ஜூன் மாதம், பேக்கிங் பிரிவிலிருந்து வந்த மேஸ்திரி காலி அட்டைப்பெட்டி ஒன்றைக் கொண்டுவந்து அதன் மேல் வைத்தார். “கையில தூக்கறப்பவே தெரியுதுங்க சார், பெட்டி லேசாகிப் போச்சு” என்றார். தராசு 1,150 கிராம் காட்டியது. ஒப்பந்தப்படி அந்தப் பெட்டி 1,270 கிராம் இருக்க வேண்டும்.

பெட்டி கொடுப்பவருக்குப் போன் போட்டேன். பத்து வருடப் பழக்கம், நேர்மையான மனிதர். அவர் கொஞ்சமும் தடுமாறவில்லை. “அதுதானுங்க, பழையபடியே போட்டுக்கலாம்னு நீங்கதானே மெயில்ல எழுதியிருந்தீங்க? போன அக்டோபர்ல இருந்து இந்தப் பேப்பர்தானே ஓடிட்டிருக்குது?”

மெயிலைத் திறந்து பார்த்தேன். மார்ச் 28-ஆம் தேதி நான் எழுதியது, மூன்றே வரி: ‘ஒப்பந்தத்தை மேலும் ஓராண்டுக்கு நீட்டிக்கிறோம். பெட்டி ரேட் 62 ரூபாய். மற்ற விதிகள் தற்போது உள்ளபடியே தொடரும்.’ அவருடைய பதில் அதைவிடச் சுருக்கம்: ‘சரி.’

அக்டோபரில் நடந்தது என்னவென்றால், காகித மில்களில் சரக்குத் தட்டுப்பாடு. “ரெண்டு மாசத்துக்கு மட்டும் நடுவுல வர்ற பேப்பரை 150-க்குப் பதிலா 120-ல போட்டுக்கறேனுங்க” என்று போனில் கேட்டார். சரி என்றேன். இரண்டு மாதம் முடிந்தபோது அவரும் திரும்பச் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. மார்ச்சில் ‘தற்போது உள்ளபடி’ என்று நானே எழுதிக் கொடுத்தேன். தற்போது உள்ளது 120-தானே! ஏப்ரல் முதல் ஜூன் வரை 12,000 பெட்டி வாங்கியிருந்தோம். பெட்டிக்கு 120 கிராம் காகிதம் குறைவு. அன்றைக்குக் காகித விலை கிலோ 36 ரூபாய். ஏறக்குறைய ஐம்பதாயிரம் ரூபாய் மதிப்புள்ள காகிதம் வராமலேயே பணம் போயிருந்தது. கேட்பதற்கு என் கையில் ஒரு வரிகூட இல்லை.

சப்ளையர் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கும்போது எல்லோருடைய கவனமும் மாறப்போகிற விஷயத்தில்தான் இருக்கும். ரேட்டில் ஒரு ரூபாய் குறையுமா, பணம் கொடுக்க இன்னும் சில நாள் கிடைக்குமா என்று மல்லுக்கட்டுவோம். மாறாத விஷயத்தை ஒற்றை வரியில் தள்ளிவிடுவோம். என் அனுபவத்தில், நஷ்டம் அந்த ஒற்றை வரி வழியாகத்தான் வந்தது.

இதைப் புரிந்துகொள்ள ஒரு பெட்டியைப் பிரித்துப் பார்க்க வேண்டும். நாங்கள் வாங்கியது ஐந்து அடுக்குப் பெட்டி. 600 மில்லிமீட்டர் நீளம், 400 அகலம், 300 உயரம். வெளியே ஒன்று, நடுவில் ஒன்று, உள்ளே ஒன்று என மூன்று தட்டைக் காகிதம். அவற்றுக்கு இடையில் அலை அலையாக வளைந்த காகிதம் இரண்டு. தட்டையானதை லைனர் என்பார்கள், வளைந்ததை ஃப்ளூட் என்பார்கள். ஐந்துமே ஒரு சதுர மீட்டருக்கு 150 கிராம் எடையுள்ள கிராஃப்ட் காகிதம். இந்த எடையைத்தான் தொழிலில் ஜி.எஸ்.எம். என்கிறார்கள். அலை வளைவதால் ஃப்ளூட்டுக்கு ஏறத்தாழ ஒன்றே கால் முதல் ஒன்றரை மடங்கு வரை நீளக் காகிதம் தேவைப்படும். எங்கள் பெட்டிக்கு 1.4 மடங்கு. கூட்டிப் பார்த்தால் ஒரு சதுர மீட்டர் அட்டை 870 கிராம் வரும். பெட்டிக்கு ஒன்றரைச் சதுர மீட்டருக்குச் சற்றுக் குறைவாக அட்டை போகிறது. அதனால்தான் 1,270 கிராம்.

62 ரூபாய்ப் பெட்டியில் 46 ரூபாய் வெறும் காகிதம். மீதி 16 ரூபாயில்தான் பசை, கரண்ட், ஆள்கூலி, அச்சு, லாரி, அவருடைய லாபம் எல்லாம். இந்தக் கணக்கு தெரியாமல் “ஐந்து ரூபாய் குறையுங்கள்” என்று அழுத்தினால், நல்ல மனிதரும் காகிதத்தில்தான் கைவைப்பார். ஃப்ளூட்டை 120 ஆக்கினால் நான்கு ரூபாய்க்கு மேல் மிச்சம். வெளியிலிருந்து பார்க்கிறவர் கண்ணுக்குப் பெட்டி அதே பெட்டி. குடோனில் எட்டு அடுக்கு வைத்து, கன்டெய்னரில் ஒரு மாதம் கடல் காற்றில் போன பிறகுதான் அடிப்பெட்டி வயிறு தள்ளும். ஆகவே ரேட்டைக் குறைத்துக் கேட்கிற அதே மெயிலில், ஜி.எஸ்.எம். குறையாது என்பதையும் எழுதி வாங்கியாக வேண்டும். விலை கேட்பது ஒரு மெயில், தரம் பேசுவது இன்னொரு நாள் என்று பிரித்துவிட்டால் இரண்டும் கைவிட்டுப் போகும்.

அடுத்த ஆண்டு வேலையை மார்ச் 28-இல் தொடங்கவில்லை. ஒப்பந்தம் முடிவது மார்ச் 31; பிப்ரவரி முதல் வாரமே கோப்பை எடுத்தேன். எங்கள் ஒப்பந்தத்தில், முடிவதற்கு 30 நாள் முன்பு எழுத்தில் தெரிவிக்க வேண்டும் என்று இருந்தது. சில ஒப்பந்தங்களில் இதே விதி வேறு மாதிரி இருக்கும்: தெரிவிக்காவிட்டால் அதே விதிகளோடு தானாகவே ஓராண்டு நீளும். அப்படி இருந்தால் அந்த நாள் தாண்டிய பிறகு ரேட்டைப் பற்றிப் பேச உங்களுக்கு வாயே கிடையாது. முதலில் பார்க்க வேண்டிய விதி அதுதான்.

பிறகு ஓராண்டில் அந்த ஒப்பந்தத்துக்கு நடந்ததையெல்லாம் தேடி எடுத்தேன். இது சலிப்பான வேலை. ஆனால் பாதி வேலை இங்கேதான் இருக்கிறது. கையெழுத்திட்ட மூல ஒப்பந்தம் ஒன்று. அதற்குப் பிறகு ஆகஸ்டில் வாட்ஸ்அப்பில் வந்த ரேட் மாற்றம். ஸ்டோர்ஸ்காரர் வாய்மொழியாக ஒத்துக்கொண்ட ‘ஆயிரம் பெட்டிக்குக் குறைந்தால் வண்டி வாடகை நம்முடையது’. அக்கவுண்ட்ஸ் பிரிவு பழக்கத்தில் 45 நாளில் கொடுத்து வந்த பணம். ஒப்பந்தத்தில் இருந்ததோ 30 நாள். எழுதியது ஒன்று, நடப்பது ஒன்று என்று இப்படி நாலைந்து இடம் அகப்பட்டது. இந்த நிலையில் ‘பழையபடி’ என்று எழுதினால், எழுதிய பழையதா, நடக்கிற பழையதா? ஒவ்வொருவரும் தமக்குச் சாதகமானதை எடுத்துக்கொள்வார்கள். அதை ஏமாற்று என்றும் சொல்ல முடியாது.

அடுத்து, என்ன கேட்பது என்ற கேள்வி. கொள்முதல்காரர்கள் எல்லோரும் கேட்கிற முதல் சலுகை, பணம் கொடுக்க அதிக நாள். எங்கள் முதலாளியும் “60 நாள் கேளுங்க” என்றார். கேட்கவில்லை, கேட்டும் பயனில்லை. எங்கள் பெட்டிக்காரர் சிறுதொழிலாகப் பதிவு செய்தவர். 2006-ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் மேம்பாட்டுச் சட்டப்படி, அப்படிப்பட்ட குறு அல்லது சிறு உற்பத்தியாளருக்கு எழுத்து ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளுக்குள் பணம் போயாக வேண்டும். இரு தரப்பும் 60 என்று கையெழுத்துப் போட்டாலும் சட்டத்தின் முன் அது செல்லாது. எழுத்தில் எதுவுமே இல்லையென்றால் 15 நாள்தான். தாண்டினால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு வட்டி, மாதந்தோறும் வட்டிக்கு வட்டி சேர்த்து. போதாக்குறைக்கு, 2023-ஆம் ஆண்டின் நிதிச் சட்டம் வருமான வரியிலும் ஒரு முடிச்சுப் போட்டது. இந்தக் கெடுவுக்குள் கொடுக்காத தொகையை, நிஜமாகக் கொடுக்கிற ஆண்டில்தான் செலவாகக் கழிக்க முடியும். ஆடிட்டரிடம் சொன்னதும் முதலாளி 60 நாளை மறந்துவிட்டார்.

நாளைக் கூட்டிக் கேட்பதற்குப் பதிலாகக் குறைத்துக் கொடுத்தால் என்ன என்று யோசித்தபோதுதான் பேரத்துக்கு ஒரு பிடி கிடைத்தது. அட்டைப்பெட்டிக்கு ஜி.எஸ்.டி. 2024 ஜூலையில் 18 சதவீதத்திலிருந்து 12 ஆனது. 2025 செப்டம்பர் 22 முதல் 5 ஆனது. வாங்குகிறவருக்கு மகிழ்ச்சியான செய்தி. ஆனால் பெட்டி செய்ய வாங்கும் கிராஃப்ட் காகிதத்துக்கு அதே நாளில் 12 சதவீதம் 18 ஆக ஏறியது. பெட்டிக்காரர் மில்லுக்கு 18 கட்டிவிட்டு நம்மிடம் 5 வசூலிக்கிறார். இடைப்பட்ட தொகை அரசிடமிருந்து திரும்பி வரும் வரை அவர் பணம் முடங்கிக் கிடக்கிறது. கையில் ரொக்கம் தட்டுப்பாடாக இருக்கிற மனிதருக்கு, நம்மிடமிருந்து சீக்கிரம் வரும் பணம் ரேட்டைவிட இனிக்கும்.

எவ்வளவு இனிக்கும் என்பதையும் கணக்குப் போட்டேன். 45-ஆவது நாள் கொடுப்பதை 21-ஆவது நாள் கொடுத்தால் அவருக்கு 24 நாள் முன்கூட்டியே பணம். பேங்கில் அவர் ஓடி கணக்குக்கு 12 சதவீத வட்டி கட்டுவதாக வைத்துக்கொண்டால், 62 ரூபாய்க்கு 24 நாள் வட்டி 49 காசு. சீக்கிரம் பணம் தருகிறோம் என்று சொல்லி அரை ரூபாய் கேட்கலாம்; மூன்று ரூபாய் கேட்டால் சிரிப்பார்.

இன்னொரு பிடி அளவுகளில் இருந்தது. நாங்கள் ஐந்து அளவில் பெட்டி வாங்கிக்கொண்டிருந்தோம். அவற்றில் இரண்டு ஜோடி ஒன்றுக்கொன்று பத்து, பதினைந்து மில்லிமீட்டர்தான் வித்தியாசம். எந்தக் காலத்திலோ எந்த வாடிக்கையாளரோ கேட்டது, அப்படியே ஒட்டிக்கொண்டது. ஐந்தை மூன்றாக்கினால் அவருக்கு மெஷினை மாற்றி மாற்றி செட் பண்ணும் நேரம் மிச்சம், ஓரம் வெட்டும் கழிவு மிச்சம். மாதத் தேவையை முந்தின மாதம் 25-ஆம் தேதியே எழுத்தில் கொடுத்தால் அவர் காகிதத்தைத் திட்டமிட்டு வாங்கலாம். இந்த இரண்டுக்கும் சேர்த்து 75 காசு கேட்கத் துணிந்தேன். ஆக மொத்தம் 62-லிருந்து 60 ரூபாய் 75 காசு. கூடவே இரண்டு கோரிக்கை: அவசரத்துக்கு எப்போதும் அவர் குடோனில் 500 பெட்டி இருப்பு, ஆர்டர் கொடுத்த ஏழு நாளுக்குப் பதில் நான்கு நாளில் டெலிவரி. உண்மையைச் சொன்னால் எனக்கு ரேட்டைவிட இந்த 500 பெட்டிதான் முக்கியம். கன்டெய்னர் வாசலில் நிற்கும்போது பெட்டி இல்லையென்றால் என்ன ஆகும் என்பதை ஏற்றுமதியில் இருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

பிப்ரவரி 10-ஆம் தேதி போன மெயிலின் சாரம் இது. நடைமுறையில் இப்படிப்பட்ட மெயில் ஆங்கிலத்தில்தான் போகும். மொழி எதுவானாலும் அடுக்கு இதுதான்.

‘பொருள்: 5 அடுக்கு அட்டைப்பெட்டி ஆண்டு ஒப்பந்தம் – ஏப்ரல் 1 முதல் மார்ச் 31 வரை புதுப்பித்தல் – மாற்றக் கோரிக்கைகளும் மாறாத விதிகளும்.

அன்புள்ள ஐயா, நம் ஒப்பந்தம் வரும் மார்ச் 31-இல் முடிகிறது. மேலும் ஓராண்டுக்குத் தொடர விரும்புகிறோம்.

அ. மாற்றக் கோருபவை. ஒன்று: ரேட், ஜி.எஸ்.டி. நீங்கலாக, பெட்டிக்கு 60 ரூபாய் 75 காசு. இதற்கு ஈடாக, பில் தேதியிலிருந்து 21 நாளில் பணம் தருவோம். ஐந்து அளவுகளை மூன்றாகக் குறைப்போம். மாதத் தேவையை முந்தின மாதம் 25-ஆம் தேதி எழுத்தில் தருவோம். இரண்டு: 500 பெட்டி இருப்பு. மூன்று: டெலிவரி 4 வேலைநாள். நான்கு: காகித விலை ஏற்ற இறக்க விதி, இணைப்பு 1-இல் உள்ளபடி.

ஆ. மாறாதவை. காகிதம் ஐந்து அடுக்கும் 150 ஜி.எஸ்.எம்.; பெட்டி எடை 1,270 கிராம், 3 சதவீதம் வரை கூடக் குறைய; பர்ஸ்டிங் பலம் ஒப்பந்தத்தின் அட்டவணைப்படி; குறைபாடுள்ள பெட்டியை 7 நாளில் மாற்றித் தருவது; எங்கள் தொழிற்சாலை வாசல் வரை வண்டிச் செலவு உங்களுடையது. இவையும், கையெழுத்தான மூல ஒப்பந்தத்தின் மற்ற எல்லாப் பிரிவுகளும் மாற்றமின்றித் தொடரும்.

இ. இடையில் போனிலோ வாட்ஸ்அப்பிலோ தற்காலிகமாக ஒத்துக்கொண்டவை, 120 ஜி.எஸ்.எம். காகிதம் உட்பட, மார்ச் 31-உடன் முடிகின்றன.

பிப்ரவரி 25-க்குள் உங்கள் பதிலை எதிர்பார்க்கிறோம். புதிய விதிகள் இரு தரப்பாலும் எழுத்தில் உறுதியாகும் வரை, ஏப்ரல் 30-ஐத் தாண்டாமல், கொடுக்கும் ஆர்டர்களுக்கு மூல ஒப்பந்தத்தின் ரேட்டும் விதிகளும் பொருந்தும்.’

இதில் இ பகுதியை எழுதும்போது கொஞ்சம் தயங்கினேன். பழைய காயத்தைக் கிளறுவது போல இருக்குமோ என்று. எழுதித்தான் ஆக வேண்டும். முந்தின வருடம் ஐம்பதாயிரம் போனது இந்த ஒரு வரி இல்லாததால்தான்.

‘ஜி.எஸ்.டி. நீங்கலாக’ என்ற சொல்லும் அப்படித்தான். ‘எல்லாம் சேர்த்து 70 ரூபாய்’ என்று ஒப்பந்தம் போட்டவர்கள், வரி 12-லிருந்து 5 ஆனபோது அந்த 7 சதவீதம் யாருக்கு என்று சண்டை போட்டார்கள். வரியைத் தனியாக எழுதியவர்களுக்கு அந்தச் சண்டை வரவில்லை.

காகித விலை விதி என்பது இது. அடிப்படை விலை கிலோ 36 ரூபாய். அவருடைய மில் பில்களின் மாதச் சராசரி அதிலிருந்து 2 ரூபாய்க்கு மேல் விலகினால், விலகிய ஒவ்வொரு ரூபாய்க்கும் பெட்டி ரேட் 1 ரூபாய் 30 காசு மாறும். பெட்டி எடை 1.27 கிலோ, கழிவு கொஞ்சம், அதனால்தான் 1.30. ஏறினால் ஏறும், இறங்கினால் இறங்கும், பில் நகல் காட்ட வேண்டும். அதற்கு முன்பெல்லாம் காகிதம் ஏறும்போது மட்டும் போன் வரும். இறங்கும்போது போன் ரிப்பேராகிவிடும்.

பத்து நாள் கழித்து அவர் நேரிலேயே வந்தார். மெயிலைப் பிரிண்ட் எடுத்துக் கையில் வைத்திருந்தார். “ஏனுங்க, இத்தனை வருஷப் பழக்கத்துல இப்பிடி வக்கீல் நோட்டீஸாட்டம் அனுப்பியிருக்கீங்க?” என்றார் சிரித்துக்கொண்டே. காபி வந்தது. “பணம் 21 நாள்ல வருமுங்களா, நெசமா?” என்றுதான் முதலில் கேட்டார். ரேட்டைப் பற்றி அதற்குப் பிறகுதான் பேச்சு. 61-க்கு இறங்கினார். 500 பெட்டி இருப்புக்குச் சரி என்றார். நான்கு நாள் டெலிவரி ஒரே லோடில் ஆயிரம் பெட்டிக்குக் குறையாத ஆர்டருக்கு மட்டும் என்றார். நியாயம்தான். கைகொடுத்துப் போய்விட்டார்.

பலர் அன்றோடு வேலை முடிந்தது என்று உட்கார்ந்துவிடுவார்கள். இரண்டு நாள் கழித்து வந்த அவருடைய பதில் மெயில் இப்படி இருந்தது: ‘ரேட் 61, மற்றவை உங்கள் மெயிலில் உள்ளபடி ஏற்கிறோம். ஆயிரத்துக்குக் குறைந்த ஆர்டருக்கு வண்டி வாடகை தனி.’ நேரில் பேசியது டெலிவரி நாளைப் பற்றி. எழுதி வந்தது வண்டி வாடகையைப் பற்றி. அவர் மகன் டைப் செய்திருப்பார். வேண்டுமென்றே செய்ததாக நான் நினைக்கவில்லை.

1872-ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 7-ஆவது பிரிவு, ஏற்பு என்பது நிபந்தனையில்லாமல் முழுமையாக இருக்க வேண்டும் என்கிறது. ‘ஏற்கிறோம், ஆனால்’ என்று வந்தால் அது ஏற்பு அல்ல, எதிர் யோசனை. அதுவரை ஒப்பந்தம் உருவாகவில்லை. இங்கேதான் பள்ளம். அந்த மெயிலுக்குப் பதில் போடாமல் ஏப்ரலில் பர்ச்சேஸ் ஆர்டர் அனுப்பிப் பெட்டியையும் வாங்கிக்கொண்டால், நம் செயலாலேயே அவருடைய எதிர் யோசனையை ஏற்றுக்கொண்டதாக ஆகிவிடலாம். அடுத்த பிரிவு அதற்கு இடம் தருகிறது. வாடகை நம் தலையில்.

அன்றே பதில் எழுதினேன். ‘நேரில் பேசியபடி, ஆயிரத்துக்குக் குறைந்த ஆர்டருக்கு டெலிவரி 7 வேலைநாள் என்பதே மாற்றம். வண்டிச் செலவு எல்லா ஆர்டருக்கும் மூல ஒப்பந்தத்தின்படி உங்களுடையது. ரேட் 61 எங்களுக்குச் சம்மதம். இவை தவிர பிப்ரவரி 10 மெயிலின் அ, ஆ, இ பகுதிகள் அப்படியே. இந்த மெயிலுக்கு “முழுமையாக ஏற்கிறோம்” என்று மட்டும் பதில் அனுப்புங்கள்.’ மறுநாள் அந்த இரண்டு சொல் வந்தது.

மெயிலில் பேசி முடித்தால் அது ஒப்பந்தமாகுமா என்று கேட்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். ஆகும். தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 10ஏ பிரிவு, மின்னணு வழியில் உருவானது என்ற ஒரே காரணத்துக்காக ஒப்பந்தத்தைத் தள்ள முடியாது என்கிறது. 2010-இல் டிரைமெக்ஸ், வேதாந்தா அலுமினியம் நிறுவனங்களுக்கு இடையிலான வழக்கில் உச்ச நீதிமன்றம் இன்னும் தெளிவாகவே சொல்லிவிட்டது. ஐந்து கப்பல் பாக்சைட் கனிமத்துக்கு மெயிலில் பேசி முடித்திருந்தார்கள். முறையான ஒப்பந்தத்தில் கையெழுத்தாகவில்லை. முக்கிய விதிகள் மெயில்களில் முடிவாகிவிட்டதால் ஒப்பந்தம் உருவாகிவிட்டது என்றது நீதிமன்றம்.

ஒரு விலக்கு உண்டு. மூல ஒப்பந்தத்திலேயே ‘இரு தரப்பும் கையெழுத்திட்ட ஆவணத்தால் மட்டுமே திருத்தலாம்’ என்று எழுதியிருந்தால், மெயிலை மட்டும் நம்பி இருக்காதீர்கள். எங்கள் ஒப்பந்தத்தில் அந்த விதி இருந்தது. அதனால் மூன்று மெயில்களில் முடிவானதை ஒரே பக்கத்தில் துணை ஒப்பந்தமாக அடித்து, இரு தரப்பும் கையெழுத்துப் போட்டு, ஸ்கேன் செய்து, அதே மெயில் தொடரிலேயே இணைத்து அனுப்பினோம். தனி மெயிலாக அனுப்பியிருந்தால் எது எதைத் திருத்தியது என்று பின்னால் தேட வேண்டியிருக்கும். கையெழுத்துப் போட்டவரும் முதலில் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்ட உரிமையாளர்தான். விற்பனைப் பிரிவுத் தம்பி ‘ஓகே சார்’ என்று அனுப்பும் மெயிலில் நம்பி நிற்கக் கூடாது. அவருக்கு அந்த அதிகாரம் இருக்கிறதா என்பதே நாளைக்குக் கேள்வியாகும்.

பர்ச்சேஸ் ஆர்டரிலும் ஒரு சின்ன வேலை பாக்கி இருந்தது. எங்கள் கணினியில் அச்சாகும் ஆர்டரின் அடியில் ‘பணம் 45 நாளில்’ என்று பல வருடமாக ஓடிக்கொண்டிருந்தது. யாரும் படிப்பதில்லை. ஆனால் ஒப்பந்தம் 21 என்று சொல்லி, ஆர்டர் 45 என்று சொன்னால், அடுத்த வருடம் இதே கதை வேறு வேடத்தில் திரும்பும். அந்த வரியை எடுத்துவிட்டு ‘விதிகள் ஆண்டு ஒப்பந்தத்தின்படி’ என்று போடச் சொன்னேன். அக்கவுண்ட்ஸ் பிரிவில் 21 நாளை ஏற்றினோம். பேசியபடி நாமே பணம் கொடுக்கவில்லையென்றால் அவர் 150 ஜி.எஸ்.எம். போட வேண்டும் என்று எந்த முகத்தோடு கேட்பது?

ரேட்டில் குறைந்தது ஒரு ரூபாய். மாதம் 4,000 பெட்டிக்கு வருடம் 48,000 ரூபாய். அதற்கு முந்தின வருடம் மூன்று மாதத்தில் நழுவவிட்ட தொகைகூட இல்லை.

ஏப்ரல் 4-ஆம் தேதி முதல் லோடு வந்தது. மேஸ்திரி ஐந்து பெட்டியை எடுத்துவந்து தராசில் ஒவ்வொன்றாக வைத்தார். 1,264, 1,271, 1,268, 1,275, 1,266.